மனைவி ஊர்க்காரர்கள் ஞாயிறு வருகிறார்கள், வீட்டில் நான் மட்டும்: முதல் பத்து நிமிடம் என்ன செய்வது?

குமரன்_தாம்பரம் (வெள்ளி, இரவு 9.40)

ஞாயிறு மாலை நான்கு மணிவாக்கில் மனைவியின் பெரியப்பா குடும்பம் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து காரில் வருகிறது. பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகன், மருமகள், நான்கு வயதுக் குழந்தை, கூட ஒரு டிரைவர். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அவர்கள் வருவது இதுதான் முதல் தடவை. மனைவி நர்ஸ். அன்று டியூட்டி முடிந்து வர ஆறு, ஆறரை ஆகிவிடும். அதுவரை நான்தான்.

நான் வளர்ந்தது சென்னை அடுக்குமாடி வீட்டில். யார் வந்தாலும் கதவைத் திறந்து "சொல்லுங்க" என்பதுதான் எனக்குப் பழக்கம். மனைவி இன்று சொன்னது: "வாங்கன்னு கேளு, தண்ணி குடு, டீ குடு. எதுக்கு வந்தாங்கன்னு மட்டும் கேட்டுடாத." எதற்கு வருகிறார்கள் என்று அவளுக்கும் தெரியாது. போனில் "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு" என்றார்களாம். எட்டு மணி நேரப் பயணம் செய்து சும்மா பார்க்க வருவார்களா?

டீ போடத் தெரியும், இரண்டு பேருக்கு. ஆறேழு பேருக்குப் போட்டதில்லை. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

ரவி_கோவை (வெள்ளி, இரவு 10.05)

இதில் பயப்பட என்ன இருக்கிறது? வந்தவுடன் டீயா காப்பியா என்று கேட்டுவிடுங்கள். இந்தக் காலத்தில் பாதிப் பேருக்கு சுகர், மீதிப் பேர் டயட். கேட்காமல் போட்டால் பாத்திரத்தோடு கொட்ட வேண்டியதுதான். தண்ணி பாட்டில் டேபிளில் இருக்கட்டும், வேண்டியவர்கள் எடுத்துக் குடிப்பார்கள். டீக்கு இஞ்சியைத் தட்டிப் பாலிலேயே போட்டுக் கொதிக்க விடுங்கள், மணமாக இருக்கும்.

மீனாட்சி_அக்கா (வெள்ளி, இரவு 11.20)

தம்பி, எனக்கும் அந்தப் பக்கம்தான். ரவி சொன்னதில் ஒன்று சரி, இரண்டு தப்பு. பொறுமையாகச் சொல்கிறேன்.

முதலில் "வாங்க". எங்கள் ஊரில் ஒரு தடவை பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே திரும்பிப் போனால் கணக்கில் வராது. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, முறை சொல்லிக் கேட்க வேண்டும். உங்கள் மனைவிக்குப் பெரியப்பா என்றால் உங்களுக்கு மாமா, பெரியம்மா உங்களுக்கு அத்தை. அவர்கள் மகன் மச்சான். அவர் மனைவி உங்களுக்குத் தங்கச்சியோ அக்காவோ, வயதைப் பார்த்துக் கொள்ளுங்கள். "வாங்க மாமா, வாங்க அத்தை, வாங்க மச்சான், வாம்மா." குழந்தையையும் விட வேண்டாம், அதற்கு நீங்கள் மாமா. அங்கே மனத்தாங்கல் எல்லாம் பெரும்பாலும் இதில்தான் ஆரம்பிக்கும். "சாப்பாடு நல்லாத்தான் போட்டாங்க, ஆனா வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல" என்று பத்து வருஷம் கழித்தும் சொல்லிக் காட்டுவார்கள்.

மூன்றாவது மாடி என்றீர்கள். கார் வந்ததும் கீழே இறங்கிப் போய்விடுங்கள். அவர்கள் மூச்சு வாங்கி ஏறி வந்து மணி அடித்து நிற்பதற்கும், நீங்கள் கீழே நின்று பையை வாங்கிக் கொள்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. "பையக் குடுங்க" என்றால் குடுக்க மாட்டார்கள், கை நீட்டி வாங்கிக் கொள்ளுங்கள்.

அப்புறம் தண்ணீர். டேபிளில் பாட்டில் இருப்பது தண்ணீர் குடுத்ததாக ஆகாது. பெரியவர்கள் தானாக எடுத்துக் குடிக்க மாட்டார்கள், தாகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். செம்பில் நிரப்பி, ஒரு தட்டில் டம்ளர்களோடு கொண்டு போய், நீங்களே ஊற்றி வயதில் மூத்தவரிடம் முதலில் நீட்டுங்கள். வலது கை. டம்ளரின் வாயில் விரல் படாமல் அடிப்பக்கம் பிடியுங்கள், சிலர் அதைக் கவனிப்பார்கள். மாமா அண்ணாந்து குடிக்கிறவராக இருந்தால் டம்ளரை விளிம்பு வரை நிரப்பாதீர்கள், சட்டையில் கொட்டும். ஃபிரிட்ஜ் தண்ணீர் வேண்டாம். வேண்டும் என்று அவர்கள் கேட்டால் பாதிக்குப் பாதி கலந்து குடுங்கள். தண்ணீருக்கு மட்டும் "வேணுமா" என்று கேட்கவே கூடாது. அது கேட்டுக் குடுக்கிற பொருள் இல்லை.

டீக்கு நாளை எழுதுகிறேன், கண் சொக்குகிறது.

செல்வி_நங்கநல்லூர் (சனி, காலை 7.15)

விருந்தாளிகள் தொல்லை எனக்குத்தான் தெரியும். என் நாத்தனார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார். போன வாரம் கூட குழந்தைகளுக்குப் பரீட்சை நேரம். நான் தண்ணி குடுத்து, காப்பி குடுத்து, டிபன் குடுத்து, கடைசியில் "அண்ணி கொஞ்சம் இளைச்சுட்டீங்க" என்று ஒரு வார்த்தை. இவர்களை எப்படிச் சீக்கிரம் கிளப்புவது என்று யாராவது சொல்லுங்களேன்.

குமரன்_தாம்பரம் (சனி, காலை 8.02)

செல்வி அக்கா, நான் கேட்டது வரவேற்க. நீங்கள் கேட்பது வழியனுப்ப :)

மீனாட்சி அக்கா, நன்றி. முறையை எல்லாம் போனில் குறித்து வைத்துக்கொண்டேன். டீக்குக் காத்திருக்கிறேன்.

பழனி_ஓய்வு (சனி, காலை 9.30)

நான் அரசுப் பேருந்தில் தொலைதூர ரூட் ஓட்டி ஓய்வு பெற்றவன். எல்லாரும் தண்ணீர், டீ என்கிறீர்கள். எட்டு மணி நேரம் காரில் வந்தவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, முதல் தேவை பாத்ரூம். வழியில் நல்ல இடம் கிடைக்காது என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிற பெண்கள் எத்தனையோ பேர். வந்த வீட்டில் புது மாப்பிள்ளையிடம் அதைக் கேட்கவும் மாட்டார்கள். உள்ளே வந்து உட்காரும்போதே "கை கால் கழுவுறதுன்னா இந்தப் பக்கம்" என்று லைட்டைப் போட்டுக் கதவைத் திறந்து வைத்துவிடுங்கள். புதுச் சோப்பு ஒன்று, துவைத்த துண்டு இரண்டு. பக்கெட்டில் தண்ணீர் நிறைந்திருக்கட்டும். முகம் கழுவி வந்த பிறகு குடிக்கிற தண்ணீர்தான் உடம்பில் இறங்கும்.

மீனாட்சி_அக்கா (சனி, காலை 11.10)

பழனி அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. எனக்குத் தோன்றாமல் போனது.

இப்போது டீ. தண்ணீர் குடித்த கையோடு டீயை நீட்டாதீர்கள். வேர்வை அடங்கி, ஃபேன் காற்றில் கொஞ்சம் உட்காரட்டும். பத்துப் பதினைந்து நிமிடம். அந்த நேரத்தில் பயணம், வெயில், ஊரில் மழை உண்டா, இவ்வளவு பேச்சுப் போதும்.

கேட்கிற விதம் முக்கியம். "டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டால் "வேண்டாம்ப்பா, இப்பதான் வழியில குடிச்சோம்" என்றுதான் பதில் வரும். குடித்திருக்க மாட்டார்கள். முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. நீங்களும் சென்னைப் பிள்ளை, சரி என்று உட்கார்ந்துவிடுவீர்கள், அவர்கள் தலைவலியோடு இருப்பார்கள். அதனால் "டீ போடவா, காப்பி போடவா?" என்று கேளுங்கள். அதற்கு வேண்டாம் என்று சொல்வது கஷ்டம். இந்த இடத்தில்தான் ரவி பாதி சரி. எது என்று கேட்கலாம், வேண்டுமா என்று கேட்கக் கூடாது.

அளவு சொல்கிறேன். பெரியவர்கள் ஐந்து பேர், உங்களோடு ஆறு. குழந்தைக்குப் பால். அரை லிட்டர் பாக்கெட் ஒன்றில் குழந்தைக்கு 100 மில்லி எடுத்து வைத்துவிட்டு, மீதி 400க்கு 300 தண்ணீர். கொதித்து வற்றி 600 நிற்கும், ஆறு சின்ன டம்ளருக்கு 100 மில்லி வீதம் சரியாக வரும். இஞ்சியைத் தட்டித் தண்ணீரில் போட்டு முதலில் நன்றாகக் கொதிக்க விடுங்கள். டஸ்ட் டீ என்றால் தலை தட்டி ஐந்து டீஸ்பூன். நிறம் இறங்கியதும், தனியே காய்ச்சிய பாலை ஊற்றி இரண்டு பொங்கு. பச்சை இஞ்சியைப் பாலில் நேரடியாகப் போட்டால் பால் திரிந்து போக வாய்ப்பு உண்டு, ரவி அதிர்ஷ்டசாலி. வெல்லமும் அப்படித்தான், அடுப்பில் இருக்கும்போது போடாதீர்கள். சர்க்கரையைக் கலக்காமல் கிண்ணத்தில் ஸ்பூனோடு தனியாகக் கொண்டு போய் வையுங்கள். யாருக்கு சுகர் என்று நீங்கள் கேட்கவும் வேண்டாம், அவர்கள் சொல்லவும் வேண்டாம்.

பால் இரண்டு பாக்கெட்டாக வாங்கி வையுங்கள். உங்கள் வீட்டம்மா ஆறரைக்கு வந்ததும் இன்னொரு சுற்று ஓடும்.

ரவி_கோவை (சனி, காலை 11.45)

அக்கா, ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுதானே அர்த்தம்? என் வீட்டுக்கு வருகிறவர்கள் மூன்று தடவை வற்புறுத்தினால் எரிச்சல் ஆகிறார்கள். என் அப்பாவுக்கு சுகர். போகிற வீட்டில் எல்லாம் மரியாதைக்காகக் குடித்து, ஊரிலிருந்து திரும்பும்போது சுகர் ஏறித்தான் வருகிறார். இதுவும் உபசரிப்பில்தான் வருமா?

மீனாட்சி_அக்கா (சனி, மதியம் 12.20)

அப்பா விஷயம் நியாயம். நிஜமாக வேண்டாதவர் பதில் வேறு மாதிரி இருக்கும். "எனக்கு வேண்டாம்ப்பா, இவங்களுக்குப் போடு" என்று அடுத்தவரைக் காட்டுவார். அல்லது அதற்குப் பதிலாக வேறு ஒன்று கேட்பார், "கொஞ்சம் வெந்நி குடு" என்று. பொத்தாம்பொதுவாக "எதுக்கு சிரமம்" என்றால் அது மரியாதை வேண்டாம். இரண்டாம் தடவை கேட்கலாம். மூன்றாம் தடவை நான் கேட்பதில்லை.

ரவி_கோவை (சனி, மதியம் 12.31)

"எதுக்கு சிரமம்" என்று என் அப்பா நிஜமாகவே சொல்வார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இஞ்சியை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

தாசன்_யாழ் (சனி, மாலை 4.50)

எங்கட பக்கத்தில "வாங்கோ, இருங்கோ" எண்டு கதிரையக் காட்டிப் போட்டுத்தான் மற்றக் கதை. முந்தி வீட்டு வாசலில கால் கழுவ வாளியில தண்ணி இருக்கும். பிறகு தேத்தண்ணி. பால் இல்லையெண்டா ஒருத்தரும் பதறுறதில்லை, பிளேன்டீ ஊத்திப் பனங்கட்டித் துண்டு ஒண்டு கையில குடுக்கிறது. கடிச்சுக் கடிச்சுக் குடிக்கலாம். சீனி வேண்டாம் எண்டவர் கடிக்காமல் குடிப்பார். ரவியின் அப்பாவுக்கும் சரிவரும்.

பஷீர்_கீழக்கரை (சனி, மாலை 5.35)

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். குமரனுக்கு இப்போது தேவைப்படாது, இருந்தாலும். ரமலான் மாதம் பகலில் என் ஹிந்து நண்பர்கள் வீட்டுக்குப் போனால் அவர்களுக்குத்தான் தர்மசங்கடம். நான் குடிக்க மாட்டேன் என்று தெரியும், ஆனாலும் ஒன்றும் குடுக்காமல் எப்படி என்று கை பிசைவார்கள். ஒரு நண்பரின் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். கிளம்பும்போது பழம் நாலைப் பையில் போட்டு, "நோன்பு திறக்கும்போது சாப்பிடுப்பா" என்று குடுத்துவிடுவார். சபரிமலைக்கு மாலை போட்டவர்களும் நிறையப் பேர் வெளி வீட்டில் சாப்பிட மாட்டார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் இரண்டாம் தடவை கூடக் கேட்கக் கூடாது, மீனாட்சி அக்கா.

மீனாட்சி_அக்கா (சனி, மாலை 6.05)

சரிதான் பஷீர். துக்க வீட்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், சின்னப் பிள்ளைகள் பழக்க தோஷத்தில் மாட்டிக் கொள்கிறார்கள். அங்கே வருகிறவர்களை "வாங்க" என்று கேட்பதில்லை. வந்தவரும் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லாமல் கிளம்பிவிடுவார்.

இளங்கோ (சனி, இரவு 8.40)

எல்லாரும் மாமா, அத்தை, மச்சான் என்று அடுக்குகிறீர்கள். காரில் இன்னொரு ஆளும் வருகிறார். டிரைவர். அவருக்கு யார் "வாங்க" கேட்பது? மீனாட்சி அக்கா ஆறு டம்ளர் கணக்கில் அவரைச் சேர்த்திருக்கிறார், சந்தோஷம். ஆனால் நிறைய வீடுகளில் அந்த ஆறாவது டம்ளர் பேப்பர் கப்பாக மாறிக் கீழே போகும். தண்ணீர் குடுப்பது பெரிய பண்பு என்கிறோம். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்த ஊர்கள்தான் இவையும். எந்த டம்ளரில் குடுக்கிறோம், யார் டம்ளரை யார் கழுவுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் அப்பாவுக்கு ஒரு வீட்டில் திண்ணையோடு தண்ணீர் குடுத்து, குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கச் சொன்னதை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

ரவி_கோவை (சனி, இரவு 9.10)

பேப்பர் கப் என்றாலே ஜாதியா? எங்கள் வீட்டில் பத்துப் பேருக்கு மேல் வந்தால் எல்லாருக்குமே பேப்பர் கப்தான். கழுவ ஆள் இல்லை.

இளங்கோ (சனி, இரவு 9.22)

எல்லாருக்கும் என்றால் சண்டையே இல்லை. எவர்சில்வர் ஐந்து, பேப்பர் ஒன்று என்று வரும்போதுதான் கேட்கிறேன்.

பழனி_ஓய்வு (சனி, இரவு 9.50)

டிரைவராகச் சொல்கிறேன். மேலே கூப்பிட்டால் பாதிப் பேர் வர மாட்டார்கள். கூச்சம் ஒன்று, தூக்கம் இன்னொன்று. ராத்திரி திரும்பி ஓட்ட வேண்டியவனுக்கு டீயைவிட ஒரு மணி நேரம் கால் நீட்டுவது பெரிது. கூப்பிடுங்கள், பாத்ரூமைக் காட்டுங்கள், வரமாட்டேன் என்றால் அதே டம்ளரில் டீயும் ஒரு பாட்டில் தண்ணீரும் கீழே கொண்டு போய்க் குடுங்கள். சாப்பிட எத்தனை மணிக்குக் கூப்பிடுவீர்கள் என்று சொல்லிவிட்டால் நிம்மதியாகத் தூங்குவார்.

குமரன்_தாம்பரம் (சனி, இரவு 10.30)

எல்லாருக்கும் நன்றி. இன்னும் ஒன்று பாக்கி. எதற்கு வந்தார்கள் என்று கேட்காமல் இரண்டு மணி நேரம் எப்படி ஓட்டுவது? ராத்திரி சாப்பாட்டுக்கு இருப்பார்களா என்றாவது தெரிய வேண்டாமா, சாதம் வைக்க வேண்டுமே.

மீனாட்சி_அக்கா (சனி, இரவு 11.05)

"என்ன இவ்வளவு தூரம்?" என்று கேட்டுவிடாதீர்கள். நீங்கள் சாதாரணமாகக் கேட்பீர்கள், "ஏன் வந்தீங்க" என்று காதில் விழும். "எப்ப கிளம்புறீங்க"வும் அதே ரகம். "ராத்திரி சாப்பிட்டுட்டுத்தான போறீங்க அத்தை, சாதமா டிபனா?" என்று கேளுங்கள். கிளம்புகிற நேரம் தானாக வெளியே வரும்.

மற்றபடி பேச்சுக்குக் குழந்தை இருக்கிறது. ஊரில் யார் யார் நலம் என்று கேட்டாலே அத்தை ஒரு மணி நேரத்தைப் பார்த்துக்கொள்வார். வந்த காரியத்தை அவர்கள் சொல்லும்போது சொல்லட்டும். கடன் கேட்க வந்தவர், சம்பந்தம் பேச வந்தவர், கோபத்தைச் சொல்ல வந்தவர், எல்லாருக்கும் வாயைத் திறக்கக் கொஞ்ச நேரம் வேண்டும். வாசலிலேயே கேட்டால் "சும்மாதான்" என்று சொல்லிவிட்டு, சொல்லாமலே திரும்பிப் போய்விடுவார்கள்.

குமரன்_தாம்பரம் (ஞாயிறு, இரவு 11.15)

கிளம்பிவிட்டார்கள். தாம்பரத்திலேயே இன்னொரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு நாளை ஊர்.

நடந்ததைச் சொல்கிறேன். கார் வந்தபோது ஐந்தாகப் போகிறது. கீழே நின்றேன். "வாங்க மாமா" என்றதும் "ம்ம், ஆமாப்பா" என்று தோளில் தட்டினார். பையை அத்தை குடுக்கவில்லை, பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. உள்ளே முறுக்கு, ஒரு தேங்காய், கொடுக்காப்புளி.

மேலே ஏறியதும் பாத்ரூம் கதவைக் காட்டினேன். அத்தையும் தங்கச்சியும் செருப்பைக் கழற்றிய கையோடு அந்தப் பக்கம்தான் போனார்கள். பழனி ஐயாவுக்குக் கும்பிடு. தண்ணீரை மாமா இரண்டு டம்ளர் அண்ணாந்து குடித்தார். கேன் தண்ணீர் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார், "ருசியே இல்லையேப்பா" என்றார்.

டீயா காப்பியா என்று கேட்டதற்கு மாமா, "எதுக்கு சிரமம், இருக்கட்டும்" என்றார். இரண்டாம் தடவை கேட்டதும், "சரி, டீயே போடு". பாதி டம்ளர் குடித்தார், மீதி இருந்தது. நிஜமாகவே வேண்டாமா, என் டீ நன்றாக இல்லையா, இன்னும் தெரியவில்லை. ரவி சந்தோஷப்படுவார்.

டிரைவர் மேலே வரவில்லை. இறங்கிப் போய் அதே எவர்சில்வர் டம்ளரில் டீ குடுத்தேன். "கப் இல்லையா சார், டம்ளரைத் திருப்பிக் குடுக்க மூணு மாடி ஏறணுமே" என்றார். இதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை இளங்கோ, நின்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆறேகாலுக்கு மனைவி வந்தாள். அவளுக்கும் ஒரு சுற்று டீ ஆன பிறகு, மாமா அத்தையிடம் கண் காட்டினார். அத்தை பையின் அடியிலிருந்து தட்டை எடுத்து, வெற்றிலை பாக்கு பழம் வைத்து, பத்திரிகையை எடுத்தார். பேத்திக்குக் காதுகுத்து. எங்கள் இரண்டு பேரையும் சேர்ந்து நிற்கச் சொல்லிக் குடுத்தார்கள். நாலே முக்காலுக்கே வாசலில் வைத்துக் கேட்டிருந்தால், அவர்கள் என்ன செய்திருப்பார்கள்? என் ஒருவன் கையில் குடுக்கவும் முடியாது, இல்லை என்று பொய்யும் சொல்ல முடியாது.

இளங்கோ (ஞாயிறு, இரவு 11.32)

அந்த டிரைவர் கேட்டது நியாயம்தான். ஆனால் அவர் இதுவரை போன வீடுகளில் எப்போதும் கப்தான் வந்திருக்கும், அதனால்தான் கேட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. தனியாகப் பேசுவோம்.

செல்வி_நங்கநல்லூர் (திங்கள், காலை 6.50)

நல்லது. என் நாத்தனார் விஷயத்துக்கு யாருமே பதில் சொல்லவில்லை.

குமரன்_தாம்பரம் (திங்கள், காலை 8.15)

மீனாட்சி அக்கா, காதுகுத்துக்கு அத்தை வீட்டுக்காரராக நாங்கள் என்ன சீர் எடுத்துப் போக வேண்டும்? மனைவி தோடு என்கிறாள், மாமியார் வேறு என்னவோ சொல்கிறார்.

மீனாட்சி_அக்கா (திங்கள், காலை 9.40)

தோடு தாய்மாமன் வீட்டிலிருந்து வரும் தம்பி, அதில் கை வைக்காதீர்கள். சீருக்குப் புது இழை போடுங்கள், அங்கே வந்து சொல்கிறேன். இங்கே எழுதினால் ரவி சண்டைக்கு வருவார்.